பஸ்ஸில் மட்டும் இருக்கும் குடும்பம்

உட்காருங்கள். பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் வெள்ளகோவில் திருப்பத்தில் யார் தலையிலாவது விழும், அப்புறம் அதற்கு ஒரு சண்டை. கண்டக்டரிடம் நான் சத்தம் போட்டதை வைத்து என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்குக் கோபமே வராது. 'தள்ளி உட்காருய்யா' என்றான். மரியாதையாகச் சொன்னால் தள்ளி உட்கார மாட்டேனா? நாலு ஊர் கேட்கிற மாதிரி அவன் சொன்னான், எட்டு ஊர் கேட்கிற மாதிரி நான் சொன்னேன். அவ்வளவுதான்.

நீங்கள் கரூர் வரைக்கும் போகிறீர்களா? நானும் அங்கேதான். நடுவில் இந்த ஃபோன் அடித்தால் பேச்சை அப்படியே விட்டுவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மா கூப்பிட வேண்டும். ஒரு மணிக்கு வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் அப்பா மாத்திரை போட வேண்டும். போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? எத்தனை குழந்தைகளா?

கேட்டுவிட்டீர்களா. தாராபுரம் தாண்டும் முன்பே கேட்டுவிட்டீர்கள். தப்பில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் கேட்பதுதான். எந்த ஊர், என்ன தொழில், எத்தனை குழந்தைகள். முதல் இரண்டுக்கும் நான் உண்மையைச் சொல்வேன். பொள்ளாச்சியில் இருக்கிறேன், மாட்டுத் தரகன், பேர் தங்கமுத்து. மூன்றாவதற்கு, பாருங்கள், ரூட்டுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். கரூர் ரூட்டில் எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் எட்டாவது படிக்கிறாள், கணக்கு வராது. பல்லடம் ரூட்டில் ஒரே பையன். மனைவி பேர் இரண்டு ரூட்டிலும் மஞ்சுளா. அதை மட்டும் மாற்றவில்லை, குழப்பம் வரும். மஞ்சுளாவுக்கு முட்டி வலி. ஒருதடவை காங்கேயத்தில் ஒரு பாட்டியம்மா அவளுக்கென்று தைல பாட்டில் வாங்கி என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனது. அதைக் கீழே போடவும் முடியாமல் வீட்டில் வைக்கவும் முடியாமல் மூன்று மாதம் வண்டிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

உங்களிடமும் அந்த இரண்டு பெண்களைச் சொல்லியிருப்பேன். இன்றைக்கு முடியவில்லை. காலையில் பெரிய இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன், உங்களிடம் என்ன.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. ஆகாததற்குக் காரணம், எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். நகர்ந்து உட்கார வேண்டுமென்றால் உட்காருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இல்லையா? சரி. பேப்பரில் இதற்கு ஒரு வார்த்தை போடுகிறார்கள், நீளமாக. எனக்கு அது நாக்கில் வராது. சந்தையில் வேறு வார்த்தைகள் இருக்கின்றன, அவை நன்றாகவே வரும். யாராவது நடை கொஞ்சம் மாறி நடந்துபோனால் சந்தையில் ஒருவன் அந்த வார்த்தையைச் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். யார் முதலில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்து, அதற்கு அப்புறம்தான் நிறுத்துவேன். இருபது வருடம் அப்படிச் சிரித்தால் வாய் கோணிக்கொள்ளும் ஐயா.

அப்பா பேர் ராக்கியண்ணன். மூலனூர்ப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி. எனக்குப் பதினாறு வயதில் ஒரு ஜோடிக் காளையை விற்கச் சந்தைக்குப் போனோம். மாட்டு வியாபாரம் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம், உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். எந்த விரல், எத்தனை விரல், அழுத்தினானா விட்டானா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குத் தரகன் துண்டை எடுத்தான். அப்பா கையை இழுத்துக்கொண்டார். 'எதா இருந்தாலும் வாயால சொல்லுப்பா' என்றார். சந்தையே சிரித்தது. விலையைச் சத்தமாகச் சொன்னார், சத்தமாக ஏமாந்தார். வருகிற வழியெல்லாம் அவருக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். அடுத்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு தரகனிடம் போய் ஒட்டிக்கொண்டேன். அடி வாங்கினேன், திட்டு வாங்கினேன், சாணி அள்ளினேன். இன்றைக்குப் பொள்ளாச்சியில் என் துண்டுக்குள் கையை விட்டவன் நான் நினைத்த விலைக்குத்தான் வெளியே எடுப்பான்.

எதையும் பேசி முடிப்பேன் நான். இந்த ஒன்றைத் தவிர.

சொல்லிப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். இருபத்தி மூன்று வயதிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன். 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்' என்று ஆரம்பிக்க வேண்டும். வண்டியில் மாடு ஏற்றிக்கொண்டு போகும்போது சொல்லிப் பார்ப்பேன். ஒருதடவை ஒரு மயிலைக் காளையிடம் முழுதாகச் சொல்லி முடித்தேன். அது சாணி போட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அம்மா நல்ல சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது? சொல்லவில்லை. அடுத்த தடவை போனால் அம்மா கவலையாக இருந்தது. கவலையில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று வைத்தேன். அப்புறம் அவள் பிரசவம். அப்புறம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் ஓடு மாற்றின வருடம். ஒரு நல்ல நாள் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்ன பயம் என்று கேட்பீர்கள். அடிப்பார் என்றா? எங்கப்பா ஈயைக்கூட ஊதித்தான் விரட்டுவார். ஊரில் தலை காட்ட முடியாது, தங்கச்சி புருஷன் வீட்டில் அவளை ஏதாவது சொல்வார்கள், அதெல்லாம் உண்டு. ஆனால் உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. சொன்னால் சிரிப்பீர்கள். நான் வீட்டுக்குப் போகிற நாளில் அப்பா சோற்றில் கை வைக்கும் முன்னால், 'தங்கமுத்துக்கு வெச்சாச்சா?' என்று கேட்பார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பேன், இருந்தாலும் கேட்பார். நான் பொள்ளாச்சியில் இருக்கிற நாளிலும், 'அவன் சாப்ட்டிருப்பானா?' என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாராம், அம்மா சொல்லும். அந்தக் கேள்வி நின்றுவிடும் என்று பயம். அவ்வளவுதான். அதற்காக ஒரு ஆம்பளை பதினெட்டு வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பானா என்றால், இருந்தேன்.

பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். பதினாலு பெண்கள். பதினாலு பேரையும் நான் வேண்டாம் என்றேன். மாட்டில் குறை சொல்லிப் பழகின வாய்தானே. ஒருத்தி உயரம், ஒருத்தி குட்டை, ஒருத்தி வீட்டில் கிணறு வாயு மூலையில் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன், எல்லோருக்கும் வேறு இடத்தில் நன்றாகவே ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பெண்ணுக்குப் பார்வை ஒருமாதிரி என்று சொன்னேன். அது கல்யாணத் தரகர் மூலமாக அவள் காதுக்கே போய், அந்தப் பெண் அதற்கப்புறம் ஃபோட்டோவுக்கு நிற்பதில்லையாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இது சரிப்படாது என்று தோன்றிவிட்டது. ஒரேயடியாக முடிக்க வேண்டும்.

ஜோசியரிடம் போனேன். எங்கள் குடும்பத்துக்குப் பார்க்கிறவர். 'எனக்குக் கல்யாணமே இல்லைன்னு எழுதிக் குடுங்க' என்றேன். அவர் அனுபவஸ்தர். 'சும்மா இல்லைன்னா நம்ப மாட்டாங்க தம்பி. பரிகாரம் கேட்டு வேற ஆள்கிட்டப் போயிருவாங்க. பெத்தவங்களே பயந்து நிறுத்தற மாதிரி ஒண்ணு வேணும்' என்றார். பேசினோம். நான் நன்றாகத்தான் பேசினேன். கடைசியில், பையனுக்குக் கல்யாணம் நடந்தால் தகப்பனுக்குக் கண்டம், தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மாலை மாற்றக் கூடாது, பரிகாரம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். என் பிறந்த நேரத்தையே கொஞ்சம் நகர்த்தி, வேறு யார் பார்த்தாலும் அப்படித்தான் வருகிற மாதிரி கட்டம் போட்டார். கெட்டிக்காரர்.

அம்மா அதைக் கேட்டு அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டது. அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? என் வாழ்க்கையில் நான் பேசி முடித்த பேரத்திலேயே நல்ல பேரம் அதுதான் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் நினைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான் அருள்தாஸ் வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. சந்தைக்கு வரும் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வந்தவன். நான் ஒரு மாட்டை நாலு பல், இளசு என்று சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறேன், இவன் பின்னாலிருந்து வந்து அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, 'ஆறு பல்லுங்க இது' என்கிறான், வாங்க வந்தவன் முன்னால். சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் பயப்படவில்லை. 'பல்லு வாய்க்குள்ளதான இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?' என்றான். அப்படி ஆரம்பித்தது. ஆறு வருடம், மாடியில் இரண்டு ரூம், ஒரே வீடு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ரூம்மேட். அப்பா அம்மா வரும் நாளில் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு லாட்ஜில் போய்ப் படுப்பான். ஒருதடவைகூட அப்பா கண்ணில் படவில்லை. செருப்பு இருந்தது, ஆள் இல்லை. என் ஃபோனில் அவன் பேர் 'தீவனக் கடை'. இரண்டு பக்கமும் நான் பார்த்துப் பார்த்துத்தான் நடத்தினேன். ஒருதடவை நான் குளிக்கப் போன நேரத்தில் ஃபோன் அடித்து அடித்து நின்றிருக்கிறது. வந்தால் அப்பா கையில் வைத்துக்கொண்டு, 'தீவனக் கடைக்காரன் ஒரு நாளைக்கு எத்தன தடவடா கூப்புடுவான்? அத்தன மாடா வெச்சிருக்க?' என்கிறார். சிரித்துச் சமாளித்தேன்.

எங்களை மாதிரி ஆட்கள் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று டெல்லி கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன். டிவியில் காட்டுகிறார்கள், வானவில் கொடி, பையன்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்துபோய் சேனலை மாற்றினேன். 'ஏன்டா மாத்தற, என்னமோ சொல்லீட்டிருந்தாங்கல்ல' என்றார். 'கருமம், அதெல்லாம் எதுக்கு' என்றேன். நான்தான் சொன்னேன் ஐயா. அவர் இல்லை.

அருள்தாஸ் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். எந்தத் தயாரிப்பும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும் வழியில் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா எட்டு மாதம் பேசவில்லை. அவன் போய்க் கதவைத் தட்டினால் டம்ளரில் தண்ணீரை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுமாம். ஒன்பதாவது மாதம் கதவைத் திறந்தது. இன்னும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லையாம், ஆனால் பேசுகிறது. 'எட்டு மாசம் எப்படிடா தாங்குன?' என்று நான் கேட்டேன். 'ஆறு வருஷம் லாட்ஜ்ல படுத்திருக்கேன், அது தெரியலையா?' என்றான். அவனுக்குப் பேரம் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே கடைசி விலையைச் சொல்கிற ஆள். 'நீயும் சொல்லு. சொல்ற அன்னைக்கு நான் வெளிய நிக்கறேன்' என்றான். நாள் பார்க்கிறேன் என்றேன். 'நீ நாள் பாக்கல, அவங்க சாகறதுக்குப் பாக்கற' என்றான்.

ஓங்கி அறைந்துவிட்டேன். ஒரே ஒரு அறைதான். அதற்குப்போய் ஒரு ஆள் ஆறு வருடத்தை விட்டுவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போவானா, சொல்லுங்கள். போய்விட்டான். ஏழு மாதம் ஆகிறது. கரூர். ஃபோனை எடுப்பதில்லை. நானும் ஒரு அளவுக்கு மேல் கூப்பிடவில்லை, எனக்கும் ரோஷம் இருக்கிறது. யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. மனைவி செத்தவனுக்குச் சந்தையில் பத்துப் பேர் வந்து துக்கம் கேட்பார்கள். எனக்கு என்னவென்று கேட்பார்கள்? தீவனக் கடைக்காரன் போய்விட்டான் என்றா? பல்லடம் பஸ்ஸில் ஒருவரிடம் மஞ்சுளா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். 'போய்க் கூட்டிட்டு வந்துருங்க, ரோஷம் பாக்காதீங்க' என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு ஆறுதல் அந்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒருதடவைதான்.

மணி என்ன? ஒன்று பத்தா. இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து என்கிறார். 'மாத்திரை சரியா போடறாரா?' போடுகிறார், வேளாவேளைக்கு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறது அம்மா. டாக்டரையே சந்தேகப்பட்டு நான் சத்தம் போட்டேன். வாயை மூடச் சொன்னார், மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் அம்மா மாட்டுக்குத் தவிடு அள்ளப் போயிருக்கிறது. தவிட்டு டப்பாவின் அடியில் கை வைத்தால் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே மாத்திரைகள். பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கலந்து. வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது மாதிரி காட்டிவிட்டு, எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். நாலைந்து மாதத்து மாத்திரை. கீழே போட மனசு வராமல் சேர்த்து வைத்திருக்கிறார், பாருங்கள், அதையும்.

அம்மா போய்க் கேட்டிருக்கிறது. அவர் சொன்ன பதிலை அம்மா என்னிடம் ஃபோனில் சொன்னது. சந்தையில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு ஆளின் கை என் துண்டுக்குள் இருந்தது.

'நான் இருக்கற வரைக்கும் அவனுக்குக் கல்யாணம் இல்லைன்னு எழுதியிருக்குது. நாப்பத்தொண்ணு ஆச்சு பையனுக்கு. நான் இன்னும் எத்தன நாளைக்கு அவன் வழியில குறுக்க உக்காந்திருக்கறது?'

துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தபடி நின்றேன். எதிரில் இருந்தவன், 'என்னங்க, விலை சொல்லுங்க' என்கிறான். கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஐயா. அந்த ஜாதகத்தை எழுதி வாங்கும்போது எல்லாவற்றையும் யோசித்தேன். பெண் வீட்டாரை யோசித்தேன், வேறு ஜோசியரை யோசித்தேன். படிக்கிற ஆள் எங்கப்பா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேராக ஜோசியரிடம் போனேன். தோஷம் கழிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். குரு பெயர்ச்சியோ எதுவோ சொல்லி, இனி தகப்பனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கு ராத்திரியே மாத்திரை போட்டார். வாயைத் திறந்து அம்மாவிடம் காட்டினாராம், குழந்தை மாதிரி. எனக்குப் பெருமையாகப் போய்விட்டது, எந்த முடிச்சையும் அவிழ்ப்பேன் என்று. நாலாம் நாள் ஃபோன் வருகிறது. 'பொண்ணு பாத்தாச்சு கண்ணு. வெள்ளிக்கிழம வந்துரு.'

பேர் பூங்கோதை. முப்பத்தாறு வயது, தையல் கடை வைத்திருக்கிறது. முதல் கல்யாணம் ஒரு வருடத்தில் முறிந்து போனது. போனோம். அப்பா புது வேட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, படியேற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது, ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். 'ரெண்டு பேரும் தனியாப் பேசுங்க' என்று விட்டார்கள். அந்தப் பெண் தையல் மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நேராகக் கேட்டது. 'பதினாலு பேர வேண்டாம்னீங்களாமா. எங்கிட்ட மட்டும் என்ன குறை தட்டுப்படல?'

நான் மிஷினில் கிடந்த துணியைத் தடவிப் பார்த்தேன்.

'ஏங்க, உங்களுக்கு இதுல இஷ்டமா? எனக்கு ஏற்கனவே ஒருதடவ ஆயிருச்சு. அந்தாளுக்கு என்னக் கட்டிக்க இஷ்டமில்ல, வீட்டுல சொல்லப் பயம். பயந்தவனக் கட்டி நான் ஒரு வருஷம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதனால கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.'

அந்த ஆளுக்கு என்ன பயமோ, எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். அது நேற்று.

இன்றைக்குக் காலையில் சொன்னேன்.

அப்பா மாட்டுக் கொட்டகை முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி இருக்கும். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்' என்றேன். பதினெட்டு வருட ஒத்திகை. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் கையைப் பிடித்தேன். எலும்பும் தோலும். எனக்கே தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டுவிட்டேன். கையின் பழக்கம் ஐயா, அப்படிச் செய்தால்தான் பேச்சு வரும் போல. உள்ளே அவர் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த விரலைப் பிடித்தால் இதைச் சொல்ல முடியும்?

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு மறு கையால் துண்டை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டார்.

'எதா இருந்தாலும் வாயால சொல்லு.'

சொன்னேன். கல்யாணம் வேண்டாங், எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போகாதுங், ஆம்பளைங்க மேலதான் போகுமுங், சின்ன வயசுல இருந்தே அப்படித்தானுங், மாத்திக்கப் பாத்தேன், முடியலீங். ஒரே மூச்சில். அப்புறம் ஜாதகத்தையும் சொன்னேன். அது பொய்யிங், நான் எழுதி வாங்கினதுங். உங்களுக்குக் கண்டமும் இல்ல ஒண்ணும் இல்லீங். மாத்திரை போடுங்.

முதலில் சொன்னதற்கு அவர் முகம் மாறவே இல்லை. காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகம் வந்தது. இரண்டாவதைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

'பொய்யா?'

'ஆமாங்.'

'பன்னண்டு வருசமா, என்ற பையன நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன்டா. உன்ற அம்மாகிட்டக்கூட முகம் குடுத்துப் பேசாம இருந்தேன். கோயிலுக்குப் போனா, என்ன எடுத்துக்கோ அவன உட்ருன்னு சாமிகிட்டக் கேட்டுட்டிருந்தேன். நீ எழுதி வாங்குனியா?'

நான் எத்தனையோ பேர் கோபத்தைப் பார்த்தவன். சத்தம் போட்டால் திருப்பிப் போடுவேன், அடித்தால் தாங்குவேன். இவர் சத்தமே போடவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னார். 'போ. கூப்புட்டா வா.'

வந்துவிட்டேன். அம்மாவிடம் ரேஷன் கடை வரிசையிலேயே நின்று சொன்னேன், எல்லாவற்றையும் இல்லை, பாதியை. 'என்னடா சொல்ற, என்னடா சொல்ற' என்று மண்ணெண்ணெய் கேனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது. 'நாங்க என்னடா குறை வெச்சோம் உனக்கு?' என்றது. அந்தக் கேள்விதான் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அது நம்பவில்லை. மதியம் மாத்திரை கொடுத்துவிட்டுக் கூப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பூங்கோதைக்குத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் போட்டு எனக்கு இஷ்டமில்லை என்றேன். 'சொன்னீங்களே, அது போதும்' என்று வைத்துவிட்டது.

இப்போது கரூர். அருள்தாஸ் கேட்டதை நான் செய்துவிட்டேன். ஏழு மாதம் தாமதம், இருக்கட்டும், செய்துவிட்டேனா இல்லையா? இனி அவன் வர வேண்டியதுதானே. அவனுக்குச் சொல்ல வேறு காரணமே இல்லை. அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா? அதெல்லாம் பேசிக்கொள்ளலாம். நான் வருவது அவனுக்குத் தெரியுமா என்கிறீர்களா? தெரியாது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள். இருங்கள், அடிக்கிறது.

'அம்மா... சொல்லும்மா. சாப்ட்டாரா?... சரி. கேட்டாரா?... இல்ல, சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி, நான் சாப்ட்டனான்னு கேட்டாரான்னு... ஒண்ணுமே கேக்கலியா. சரிம்மா. சரி, அழுவாத. மாத்திரை?... கையில வெச்சுட்டே உக்காந்திருக்காரா? நீ வாயில போடச் சொல்லு. சொன்னா கேக்கலியா... யாரு? அவரா? குடு... அப்பா... அப்பா, நாந்தானுங்... ஆமாங்... ஆமாங்... அருள்தாஸுங்... அ-ருள்-தா-ஸ்... அவனேதானுங்... அப்பா?... அப்பா?'

வைத்துவிட்டார்.

'அந்தத் தீவனக் கடைக்காரன் பேர் என்ன?' என்று கேட்டார். அதை மட்டும்தான் கேட்டார். சொன்னேன். ஒருதடவை காதில் விழவில்லை, திரும்பக் கேட்டார். 'அத்தன தடவ கூப்புடுவானே, அவந்தான?' என்றார். டம்ளரை எடுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. மாத்திரையோடு குடித்தாரா, சும்மா குடித்தாரா, அது எனக்குத் தெரியாது. அம்மா பார்த்திருக்கும். திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா? வேண்டாம், இல்லையா? கூப்பிட்டால்தானே வரச் சொன்னார்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

சரி, விடுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை, தூசி. இந்த ஜன்னல் கண்ணாடியை எந்த மடையன் உடைத்தானோ. நீங்கள் கரூர்க்காரர்தானே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், இப்போது அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வேலை செய்கிற இடம்தான் தெரியும். கால்நடை ஆஸ்பத்திரிக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்? நாலு மணிக்கு மூடிவிடுவார்களா?